புரதம் மடிவது ஒரே பாதையிலா? பால் புரதம் ஒன்றை வைத்து மடிப்புப் புனலைப் புரிந்துகொள்ளும் முறை

புரத மடிப்பைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் கிடைப்பது நேர்க்கோட்டுப் படம்தான். இடது ஓரத்தில் விரிந்த சங்கிலி, அடுத்து ஓர் இடைநிலை, அப்புறம் இன்னோர் இடைநிலை, வலது ஓரத்தில் முழுதாக மடிந்த புரதம். எல்லா மூலக்கூறும் இதே வரிசையில் போகிறது என்று அந்தப் படம் சொல்கிறது. இன்னொரு பக்கம் புனல் படம் இருக்கிறது. அதில் மேல் விளிம்பின் எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் கீழே ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும், ஆனால் வரும் வழி ஆளுக்கு ஆள் மாறலாம்.

இரண்டு படங்களையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். ஆனால் கையில் உள்ள அளவீடு எந்தப் படத்தை ஆதரிக்கிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் விஷயம் பிடிபட்டது என்று அர்த்தம். அதற்கு ஒரு சிறிய கணக்கு, ஒரு பால் புரதம், அதன் உறவுக்காரப் புரதம் ஒன்று, இந்த மூன்றும் போதும்.

முதலில் ஒரு கணக்கு

1960-களின் கடைசியில் சைரஸ் லெவிந்தால் எழுப்பிய கேள்வி இது. 100 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒவ்வொன்றும் மூன்று நிலைகளில் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வடிவங்கள் 3¹⁰⁰, அதாவது சுமார் 5 × 10⁴⁷. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துச் சரியான வடிவத்தைக் கண்டுபிடிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆனால் புரதங்கள் மில்லிவிநாடியிலிருந்து சில நிமிடங்களுக்குள் மடிந்துவிடுகின்றன. ஆகவே குறிப்பிட்ட பாதை ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற முடிவு அப்போது இயல்பாகத் தோன்றியது.

அந்த முடிவு கட்டாயம் இல்லை என்று 1992-ல் ராபர்ட் ஸ்வான்ஸிக், அட்டிலா சாபோ, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிமன் பாக்சி ஆகிய மூவரும் காட்டினார்கள். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒரு சரியான நிலை, இரண்டு தவறான நிலைகள். சரியான நிலையிலிருந்து தவறான நிலைக்குப் போவதற்கு மட்டும் கொஞ்சம் ஆற்றல் செலவாகும். அவ்வளவுதான் அவர்களுடைய மாதிரி. எது முதலில் சரியாக வேண்டும், எது அடுத்து என்ற விதி அதில் எங்கும் கிடையாது. கணினியில் நீங்களே போட்டுப் பாருங்கள்:

```python
import math
N, nu, k0 = 100, 2, 1e9
for U in (0, 1, 2, 3):
    K = nu * math.exp(-U)
    print(U, (1 + K)**N / (N * k0))
```

இதில் `U` என்பது அந்தச் சின்ன ஆற்றல் செலவு, `kT` என்ற வெப்ப ஆற்றல் அலகில். `k0` என்பது ஒரு விநாடிக்கு ஓர் அமினோ அமிலம் எத்தனை முறை நிலை மாறுகிறது என்பது. அச்சாகும் இரண்டாம் எண் மடிய ஆகும் நேரம், விநாடியில்.

`U` பூஜ்யமானால் விடை 5 × 10³⁶ விநாடி. அது லெவிந்தாலின் உலகம். ஒன்றானால் சுமார் 3 லட்சம் ஆண்டு. இரண்டானால் கால் விநாடி. 25 டிகிரி செல்சியஸில் `2kT` என்பது மோலுக்கு ஏறக்குறைய 1.2 கிலோகலோரிதான், ஒரு சாதாரண ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையைவிடவும் குறைவு. பாதை எதையும் வகுத்துக் கொடுக்காமல், எல்லா இடத்திலும் லேசான ஒரு சாய்வு இருந்தாலே போதும், நேரம் மனித அளவுக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பாதை தேவையில்லை என்று இது காட்டுகிறது. நிஜப் புரதத்தில் பாதை இல்லை என்று இது காட்டவில்லை. அதற்குச் சோதனைதான் வேண்டும்.

புனலைச் சரியாக வரைவது

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம். புனல் படத்தின் உயரம் என்பது சங்கிலியின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தின் ஆற்றல். சுற்றியுள்ள தண்ணீரின் பங்கும் இதிலேயே சேர்ந்துவிடும். அகலம் என்பது அந்த உயரத்தில் எத்தனை வடிவங்கள் இருக்கின்றன என்பது, அதாவது சங்கிலியின் என்ட்ரோபி. மேலே அகலம் அதிகம், எண்ணற்ற விரிந்த வடிவங்கள். கீழே ஒடுங்கிய முனையில் இயல்பு வடிவம்.

சரி, புனல் வழுவழுப்பாகச் சாய்ந்திருந்தால் மடிப்புக்குத் தடை எங்கிருந்து வருகிறது? பலரும் புனலின் சுவரில் ஒரு மேடு வரைந்து அதைத் தடை என்கிறார்கள். மேடு இல்லாவிட்டாலும் தடை வரும். சங்கிலி சுருங்கத் தொடங்கும்போது அது இழக்கும் என்ட்ரோபி உடனே போய்விடுகிறது. அதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய ஆற்றல் லாபம், பக்கச் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்திய பிறகுதான் முழுதாக வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இந்தத் தாமதம்தான் கட்டற்ற ஆற்றலில் தடையாகத் தெரிகிறது. சுருக்கமாக, தடை என்பது புனல் எவ்வளவு சீக்கிரம் ஒடுங்குகிறது, எவ்வளவு மெதுவாக ஆழமாகிறது என்பதன் விளைவு. சுவரில் மேடு பள்ளங்களும் உண்டுதான். 1987-ல் ஜோசப் பிரிங்கல்சனும் பீட்டர் வொலின்ஸும் கொண்டுவந்த ‘கரடுமுரடு’ என்ற கருத்து அதைப் பற்றியது. ஆனால் அது தனிக் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. புனலில் ஒரு பந்து உருண்டு இறங்குவதுபோல அசைபடங்கள் காட்டுவார்கள். சோதனைக் குழாயில் இருப்பது கோடானுகோடி மூலக்கூறுகள். நீங்கள் அளப்பது அவை எல்லாவற்றின் சராசரி. ‘இடைநிலை’ என்று சொல்லும்போதும் ஒரே ஒரு வடிவத்தைச் சொல்லவில்லை, புனலின் நடுவில் ஓர் உயரத்தில் கூடியிருக்கும் ஒரு பெருங்கூட்டத்தைத்தான் சொல்கிறோம். இறுக்கமாகச் சுருண்டும் உள்ளே நெகிழ்ந்தே இருக்கும் மோல்டன் குளோபியூல் என்ற நிலை அப்படிப்பட்ட கூட்டம்.

மோல்டன் குளோபியூலைக் கையில் பிடிப்பது

பாலில் உள்ள ஆல்ஃபா-லாக்டால்புமின் இதற்கு மிகப் பொருத்தமான புரதம். பசும்பாலில் இருப்பதில் 123 அமினோ அமிலங்கள், நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள், எடை 14.2 கிலோடால்டன். கால்சியம் அயனி ஒன்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதன் வினோதமான இடைநிலையை ஜப்பானில் குனிஹிரோ குவஜிமா 1970-களிலேயே அளந்தார். ரஷ்யாவின் புஷ்சினோவில் ஓலெக் டிட்சினின் குழு 1981-ல் அதன் இறுக்கத்தைக் காட்டியது. ‘மோல்டன் குளோபியூல்’ என்ற பெயரை 1983-ல் சைட்டோகுரோம் சி பற்றிய கட்டுரையில் ஓகுஷியும் வாடாவும் வைத்தார்கள்.

மூன்று கரைசல்கள் தயார் செய்யுங்கள். ஒன்று, இயல்பு நிலை: பிஎச் 7.5-ல் 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், அதோடு 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. இரண்டு, அமில நிலை: வெறும் 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன் பிஎச் 2. மூன்று, விரிந்த நிலை: 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு.

அமில நிலைக்கு ஒரு எச்சரிக்கை. நடுநிலைப் பஃபரில் கரைத்துவிட்டு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை இறக்காதீர்கள். வழியில் பிஎச் 4-லிருந்து 5-க்குள் இந்தப் புரதத்தின் மின்சுமை பூஜ்யத்தை நெருங்கும், கரைசல் பால்போல் கலங்கிவிடும். உலர்ந்த தூளை நேரடியாகவே 10 மில்லிமோலார் அமிலத்தில் கரைப்பது நல்லது. பிஎச் 2-ல் கால்சியத்தைப் பிடிக்கும் அஸ்பார்ட்டிக் அமிலங்கள் புரோட்டான் ஏற்றுக்கொள்வதால் கால்சியம் தானாகவே விலகிவிடும், தனியாக நீக்க வேண்டியதில்லை. டைசல்ஃபைடை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால், டிடிடி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

செறிவை 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை வைத்துக் கணக்கிடலாம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருந்தால், 1 சென்டிமீட்டர் குவெட்டில் உறிஞ்சல் 2.01 வரும். உங்கள் கரைசல் 0.80 காட்டினால் செறிவு 0.40 மில்லிகிராம், அதாவது 28 மைக்ரோமோலார். மூன்று கரைசல்களிலும் செறிவு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் ஒப்பீடு எதற்கும் பொருள் இல்லை. அதோடு 350 நானோமீட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே இந்தப் புரதம் எதையும் உறிஞ்சாது. அங்கே பூஜ்யத்துக்கு மேல் தெளிவாக ஏதாவது காட்டினால், துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பொருள். வேகமாகச் சுழற்றி வண்டலை நீக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இனி சிடி கருவி, அதாவது வட்ட இருநிறமை அளக்கும் கருவி. இதில் இரண்டு தனித்தனி அளவீடுகள். 200–250 நானோமீட்டர் பகுதி சங்கிலியின் முதுகெலும்பைப் பார்க்கிறது. ஹெலிக்ஸ் இருந்தால் 222-ல் எதிர்மறைக் குறி வரும். மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம், 1 மில்லிமீட்டர் குவெட் போதும். 250–320 பகுதி டிரிப்டோஃபான், டைரோசின் போன்ற பக்கச் சங்கிலிகள் ஓரிடத்தில் அசையாமல் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்கிறது. இங்கே குறி மிகச் சிறியது, எனவே 1 மில்லிகிராமும் 1 சென்டிமீட்டர் குவெட்டும் வேண்டும்.

இயல்பு நிலையில் 270-ஐ ஒட்டி ஆழமான ஒரு பள்ளம் தெரியும். அதே திரையில் அமில நிலையின் கோட்டை மேலே போடுங்கள். பள்ளம் இருந்த இடத்தில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக, கருவியின் இரைச்சலோடு மட்டும் ஓடும். 6 மோலார் குவானிடினில் வரும் கோட்டிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லவே கடினம். இதை மட்டும் பார்த்தால் புரதம் முழுதாக விரிந்துவிட்டது என்றுதான் எழுதத் தோன்றும். இப்போது 222-ஐப் பாருங்கள். அமில நிலையின் குறி இயல்பு நிலையின் அளவுக்கே இருக்கிறது. குவானிடினில்தான் அது சரிகிறது. பக்கச் சங்கிலிகள் எல்லாம் இடம் தளர்ந்துவிட்டன, ஆனால் ஹெலிக்ஸ்கள் அப்படியே இருக்கின்றன. மோல்டன் குளோபியூலின் கையொப்பம் இந்த முரண்தான்.

அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறலில் இந்தப் புரதத்தின் சுழல் ஆரம் இயல்பு நிலையில் சுமார் 15.7 ஆங்ஸ்ட்ரம், அமில நிலையில் சுமார் 17.2 ஆங்ஸ்ட்ரம். ஆரம் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடியிருக்கிறது. மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் பருமன் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. விரிந்த சங்கிலி இதைவிட மிகப் பெரியது. ஆகவே இது இறுக்கமான பொருள்தான், உள்ளே மட்டும் நெகிழ்ந்திருக்கிறது. டைசல்ஃபைடுகள் கட்டி வைத்திருப்பதால்தான் இறுக்கமோ என்று சந்தேகம் வருவது நியாயம். 1999-ல் கிறிஸ்டினா ரெட்ஃபீல்டும் பீட்டர் கிம், கிறிஸ்டபர் டாப்சன் குழுக்களும் எல்லாச் சிஸ்டீன்களையும் அலனினாக மாற்றிய புரதத்தைச் சோதித்தபோது, டைசல்ஃபைடு ஒன்றுகூட இல்லாமலே இறுக்கமான மோல்டன் குளோபியூல் உருவானது.

சாயச் சோதனையும் அதன் பொறிகளும்

ஏஎன்எஸ் என்ற சாயம் தண்ணீரில் மங்கலாக 515 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். எண்ணெய்த்தன்மையுள்ள இடம் கிடைத்து ஒட்டிக்கொண்டால் பல மடங்கு பிரகாசமாகி, உச்சம் 480-ஐ ஒட்டி நகரும். மோல்டன் குளோபியூலின் தளர்ந்த உள்பகுதி அதற்கு ஏற்ற இடம். புரதம் 2 மைக்ரோமோலார், சாயம் 50 மைக்ரோமோலார், தூண்டும் ஒளி 380 நானோமீட்டர். ஸ்பெக்ட்ரம் எடுப்பதற்கு முன் மூன்று குழாய்களையும் இருட்டில் வைத்துப் புற ஊதா டார்ச்சைக் காட்டிப் பாருங்கள். இயல்பு நிலையும் விரிந்த நிலையும் மங்கலாக இருக்க, அமில நிலைக் குழாய் மட்டும் நீலப்பச்சையாக ஒளிர்வது கண்ணுக்கே தெரியும்.

இந்தச் சோதனை எளிது என்பதாலேயே இதை மட்டும் செய்துவிட்டு ‘மோல்டன் குளோபியூல் கண்டோம்’ என்று எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஏஎன்எஸ் சீரம் ஆல்புமின் போன்ற நன்றாக மடிந்த புரதங்களிலும் ஒட்டும். புரதத் திரள்களில் இன்னும் நன்றாக ஒட்டும். அமில நிலையில் புரதம் நேர்மின் சுமையோடு இருப்பதால், எதிர்மின் சுமையுள்ள இந்தச் சாயம் அந்தக் கவர்ச்சியாலும் ஒட்டும். திரளா என்று தெரிந்துகொள்ளப் புரதச் செறிவைப் பாதியாகவும் கால்பாகமாகவும் குறைத்து அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். ஒளிர்வு அதே விகிதத்தில் குறைந்தால் நல்லது. அதைவிட வேகமாக விழுந்தால் திரள்கள் கலைகின்றன என்று சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு பிஎச்சிலும் புரதம் இல்லாத சாயக் கரைசலையும் அளந்து கழிக்க மறக்காதீர்கள்.

இரண்டு வளைகோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா?

அமிலத்தில் மட்டும் தோன்றும் விசித்திர நிலை என்று இதை ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்கு அடுத்த சோதனை. பிஎச் 7-ல், குவானிடினைப் பூஜ்யத்திலிருந்து 6 மோலார் வரை அரை மோலார் இடைவெளியில் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு குழாயிலும் 270, 222 இரண்டையும் அளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அளவீட்டையும் ‘எவ்வளவு பங்கு மாறிவிட்டது’ என்ற எண்ணாக மாற்றுங்கள்:

```
f = (y − yN) / (yU − yN)
```

`yN` இயல்பு நிலையின் குறி, `yU` முழுதாக விரிந்த நிலையின் குறி. இயல்பு, விரிந்த என்ற இரண்டே நிலைகள் குழாயில் இருந்தால், எதைக் கொண்டு அளந்தாலும் `f` ஒன்றாகத்தான் வர வேண்டும். விளக்கத்துக்காக ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம்: 270-ல் `f` 0.90, 222-ல் 0.35 என்று வருகிறது. நூற்றுக்கு 90 மூலக்கூறுகளில் பக்கச் சங்கிலிப் பொருத்தம் போய்விட்டது, ஆனால் ஹெலிக்ஸ் குறியில் மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. பொருத்தம் இழந்து ஹெலிக்ஸை வைத்திருக்கும் மூலக்கூறுகள் அங்கே நிறைய இருந்தாலொழிய இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக வர முடியாது. ஆல்ஃபா-லாக்டால்புமினில் 270-ன் வளைகோடு முதலில் சரியும், 222-ன் வளைகோடு பின்னால் வரும். அந்த இடைவெளியில்தான் இடைநிலை இருக்கிறது. கால்சியம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து முதல் வளைகோடு நன்றாகவே இடம்பெயரும், ஆகவே பஃபரில் கால்சியம் எவ்வளவு என்பதைக் குறிப்பேட்டில் எழுதாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

இந்தச் சோதனையில் தவறு வரும் இடம் அடிக்கோடுகள். குவானிடின் கூடும்போது, எதுவும் விரியாமலே `yN`, `yU` இரண்டும் மெதுவாகச் சாய்ந்துகொண்டிருக்கும். அந்தச் சாய்வைத் திருத்தாமல் விட்டால், ஒத்துப்போக வேண்டிய வளைகோடுகளும் பிரிந்து நிற்பதுபோல் தெரியும். இரண்டு முனைகளிலும் குறைந்தது நாலைந்து புள்ளிகள் இருந்தால்தான் கோட்டைச் சரியாகப் பொருத்த முடியும்.

இது சமநிலையில் பார்த்தது. மடியும்போதும் இதே கூட்டம் வழியில் தோன்றுகிறதா? குவானிடினில் விரித்து வைத்த புரதத்தை வேகக் கலப்புக் கருவியில் சடாரென்று நீர்த்துப்போகச் செய்தால், கருவி பார்க்கத் தொடங்குவதற்குள், அதாவது சில மில்லிவிநாடிக்குள், 222-ன் குறியில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. 270-ன் குறி அப்போது இன்னும் வரவே இல்லை. அது பிறகு மெதுவாக வருகிறது. முதலில் தோன்றும் இந்த நிலையும் சமநிலையில் பார்த்த மோல்டன் குளோபியூலும் ஒன்றேதான் என்று 1986-ல் இகெகுச்சி, குவஜிமா குழு காட்டியது. புனலில் இதற்கு இடம் வரையச் சொன்னால், பாதி ஆழத்தில், ஆனால் இன்னும் நல்ல அகலத்தோடு வரைய வேண்டும்.

அந்த அகலம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதும் தெரியும். பெங்கும் கிம்மும் 1994-ல் புரதத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, ஹெலிக்ஸ்கள் நிறைந்த ஆல்ஃபா பகுதி இயல்பு வடிவத்தின் ஒட்டுமொத்த அமைப்பைத் தளர்வாக வைத்திருக்க, பீட்டா பகுதி பெரும்பாலும் ஒழுங்கில்லாமல் கிடந்தது.

ஒரு பாதையா, பல பாதைகளா: லைசோசைமிடம் கேட்பது

இதுவரை செய்தது இடைநிலை உண்டு என்று காட்டியதே தவிர, பாதை ஒன்றா பலவா என்று சொல்லவில்லை. நேர்க்கோட்டுப் படத்திலும் மோல்டன் குளோபியூலுக்கு ஒரு நிறுத்தம் கொடுத்துவிடலாம். பலரும் இந்த இடத்தில்தான் ‘இடைநிலை இருக்கிறது, ஆகவே புனல்’ என்று தாவிவிடுகிறார்கள்.

கோழி முட்டை லைசோசைம் ஆல்ஃபா-லாக்டால்புமினின் நெருங்கிய உறவு. 129 அமினோ அமிலங்கள், அதே நான்கு டைசல்ஃபைடுகள், கிட்டத்தட்ட ஒரே மடிப்பு, அதே ஆல்ஃபா, பீட்டா பகுதிகள். 1992-ல் ஷீனா ராட்ஃபோர்டு, டாப்சன், பிலிப் எவன்ஸ் மூவரும் ஆக்ஸ்ஃபோர்டில் இதை வைத்துச் செய்த சோதனை, படிப்படியாகப் பார்க்கத் தகுந்தது.

புரதத்தைக் கனநீரில் விரித்து வைக்கிறார்கள், முதுகெலும்பின் ஒவ்வொரு அமைடிலும் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியம் ஏறிவிடும். அதைச் சாதாரண நீர் பஃபரில், பிஎச் 5-ஐ ஒட்டி, நீர்க்கச் செய்கிறார்கள், மடிப்பு தொடங்குகிறது. சில மில்லிவிநாடியிலிருந்து ஓரிரு விநாடி வரை விரும்பிய நேரம் காத்திருந்து, பிஎச்சைச் சுமார் 10 மில்லிவிநாடி மட்டும் 9.5-க்கு உயர்த்துகிறார்கள். அந்தக் கணத்தில் வெளியே திறந்திருக்கும் அமைடுகள் டியூட்டிரியத்தை இழந்து ஹைட்ரஜனை ஏற்கும். ஏற்கெனவே அமைப்புக்குள் பொதிந்துவிட்டவை டியூட்டிரியத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். உடனே பிஎச்சை இறக்கிப் பரிமாற்றத்தை நிறுத்தி, மடிப்பு முடியவிட்டு, என்எம்ஆரில் எந்த அமைடு என்ன ஏந்தியிருக்கிறது என்று வாசிக்கிறார்கள்.

ஆல்ஃபா பகுதியின் அமைடுகள் பீட்டா பகுதியைவிட முன்னதாகவே பாதுகாப்புப் பெற்றன. இதுகூட நேர்க்கோட்டுப் படத்துக்குள் அடங்கும். ஆனால் ஒரே அமைடைத் தனியாகப் பின்தொடர்ந்தபோது, அதன் பாதுகாப்பு இரண்டு வேகங்களில் வளர்ந்தது. மூலக்கூறுகளில் ஒரு பங்கு வேகமாகவும், மீதி மெதுவாகவும். என்எம்ஆர் சராசரியைத்தான் காட்டும் என்பதால், அடுத்த ஆண்டு மிராங்கரும் அதே ஆக்ஸ்ஃபோர்டு குழுவும் இந்த மாதிரிகளை நிறை நிறமாலைமானியில் போட்டார்கள். அதில் சராசரி கிடையாது, கூட்டம் கூட்டமாகப் பிரிந்து தெரியும். டியூட்டிரியம் அதிகம் காப்பாற்றிய மூலக்கூறு கனமானது. இடைப்பட்ட நேரத்தில் மூன்று உச்சங்கள் தெரிந்தன: எதுவும் பாதுகாக்கப்படாதது, ஆல்ஃபா பகுதி மட்டும் பாதுகாக்கப்பட்டது, முழுதும் பாதுகாக்கப்பட்டது.

இதை வாசிக்க ஒரு நல்ல அளவுகோல் உண்டு. எல்லா மூலக்கூறும் கட்டாயமாக ஓர் இடைநிலை வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அந்த இடைநிலை சேர்ந்த பிறகுதான் இயல்புப் புரதம் தோன்ற முடியும். வரைபடத்தில் ஆரம்பத்தில் ஒரு தாமதம் தெரியும். 1995-ல் தாமஸ் கீஃப்ஹாபர் லைசோசைமின் மடிப்பை இடையில் நிறுத்தி, அந்தக் கணத்தில் இயல்பு நிலையை எட்டிவிட்டவை எத்தனை என்று எண்ணினார். தாமதம் இல்லை. கால் பங்குக்கு மேற்படாத ஒரு சிறு பகுதி சுமார் 50 மில்லிவிநாடி என்ற நேர அளவில் நேரடியாக இயல்பு நிலையை எட்டியது. பெரும்பகுதி ஆல்ஃபா பகுதி மடிந்த இடைநிலையில் தங்கி, சுமார் 400 மில்லிவிநாடி அளவில்தான் வந்து சேர்ந்தது. இந்த இடைநிலை பாதையில் எல்லோரும் கடக்கும் நிறுத்தம் இல்லை. புனலின் ஓரத்தில் உள்ள பள்ளம், அதில் விழுந்தவர்களுக்குத்தான் நேரம் ஆகிறது.

உங்கள் சொந்தப் புரதத்தில் இரண்டு வேகங்களைப் பார்த்தால் உடனே ‘பல பாதைகள்’ என்று எழுத வேண்டாம். முதலில் புரோலினை விசாரியுங்கள். விரிந்த நிலையில் நெடுநேரம் கிடந்தால் புரோலினுக்கு முந்திய பிணைப்புகள் சில தவறான பக்கம் திரும்பிவிடும். அவை திரும்பி வரப் பல விநாடியிலிருந்து நிமிடங்கள்கூட ஆகும். ஆரம்பத்திலேயே கூட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு வேகம் வருவதில் வியப்பில்லை. இதைக் கண்டுபிடிக்க இரட்டைக் கலப்பு செய்யுங்கள். இயல்புப் புரதத்தைச் சில விநாடி மட்டும் விரித்து, புரோலின் திரும்ப நேரம் கொடுக்காமல் உடனே மடியவிடுங்கள். மெதுவான பகுதி காணாமல் போனால் காரணம் புரோலின்தான். அப்படியே நின்றால் மேலே தொடரலாம்.

இந்த வாதம் எங்கே நிற்கிறது

எல்லோரும் இதை ஏற்கவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வால்டர் எங்லாண்டர், சைட்டோகுரோம் சி, ரைபோநியூக்ளியேஸ் எச் போன்ற புரதங்களில் ஹைட்ரஜன் பரிமாற்றத்தை அளந்து, ‘ஃபோல்டான்’ எனப்படும் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, குறிப்பிட்ட வரிசையில்தான் சேர்கின்றன என்று நீண்ட காலம் வாதாடியவர். தடங்கலும் தவறான திருப்பங்களும் வேறுபட்ட வேகங்களைத் தரலாம், அடிப்படைப் பாதை ஒன்றுதான் என்பது அவர் வாதம். மறுபக்கம், ஜெயந்த் உட்காவ்கரின் குழு பெங்களூருவில் பார்ஸ்டார் போன்ற புரதங்களில் நிலைமைகளை மாற்றி மாற்றி அளந்து, பாதைகள் பல என்பதற்கு விரிவான ஆதாரம் சேர்த்தது. என் வாசிப்பில், பரந்த கூட்டம் மேலே, வரிசை ஓரளவு இறுகுவது கீழே என்று வைத்தால் இரு தரப்பின் தரவும் ஒரே புனலில் அடங்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் அது எந்த உயரத்தில் இறுகுகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

கடைசியாக, எந்த இடைநிலையும் தெரியாத புரதங்கள். பார்லியிலிருந்து கிடைக்கும் சிஐ2 என்ற சிறு புரதத்தை 1991-ல் சோஃபி ஜாக்சனும் ஆலன் ஃபெர்ஷ்டும் அளந்தபோது, எல்லா அளவீடுகளும் ஒத்துப்போயின. மோல்டன் குளோபியூல் இல்லை, இரண்டு நிலை மட்டும். இப்படி ஒரு தரவு கிடைத்தால், ஒற்றை வேகத்தைக் கண்டு ‘ஒரே பாதை’ என்று முடிவு கட்ட வேண்டாம். பல வழிகள் ஒன்றுக்கொன்று வேகமாக மாறிக்கொண்டு, கடைசித் தடையை மட்டும் மெதுவாகத் தாண்டினாலும் கருவியில் ஒற்றை வேகம்தான் தெரியும். அந்த இடத்தில் சிடியும் ஏஎன்எஸ்ஸும் உதவாது. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றமும் மடியும் வேகத்தை எவ்வளவு பாதிக்கிறது, நிலைத்தன்மையை எவ்வளவு பாதிக்கிறது என்று ஒப்பிடும் ஃபை-மதிப்பு முறைக்குப் போக வேண்டும். சிஐ2-வில் ஃபெர்ஷ்ட் குழு அதைச் செய்தபோது கிடைத்த மதிப்புகளில் பெரும்பாலானவை பூஜ்யமாகவும் இல்லை, ஒன்றாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் சிதறிக் கிடந்தன.